முந்தியது நெஞ்சின் துடிப்பா, மனத்தின் கணிப்பா?

ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கிரெகோரியோ மரன்யோன் 1924-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 210 பேருக்கு அட்ரினலின் ஊசி போட்டு அவர்களைக் கவனித்திருந்தார். அவர்கள் எதிரே பாம்பும் இல்லை, திருடனும் இல்லை. ஆனால் ஊசி ஏறிய சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தொண்டை அடைத்தது. பயந்துபோனவரின் உடலில் என்னென்ன நடக்குமோ அவற்றில் பெரும்பகுதி நடந்தது. அப்போது, என்ன உணர்கிறீர்கள் என்று அவர்களைக் கேட்டார்.

பத்துக்கு ஏழு பேர் உடலைப் பற்றி மட்டுமே பேசினார்கள். நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது, அவ்வளவுதான். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலானோரின் பதில் விசித்திரமாக இருந்தது. பயந்துபோன மாதிரி இருக்கிறது, ஆனால் பயம் இல்லை என்றார்கள். அழுகை வருகிறாற்போல இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை என்றார்கள். உண்மையாகவே கலங்கியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில், நோயாகக் கிடக்கும் பிள்ளையைப் பற்றியோ இறந்துபோன பெற்றோரைப் பற்றியோ பேச்சு வந்தபோது உடைந்தவர்கள் இருந்தார்கள். அதே பேச்சை ஊசிக்கு முன்னால் எடுத்தபோது அவர்கள் அமைதியாகப் பதில் சொல்லியிருந்தார்கள்.

உணர்ச்சி எங்கிருந்து தொடங்குகிறது என்ற வாதம் நூற்று நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இந்த ஒரு சோதனைக்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உடலை மட்டும் கிளப்பிவிட்டால் பயம் வந்துவிடவில்லை. ஆனால் உடல் கிளம்பியிருக்கும்போது, நேற்றுவரை தாங்கிக்கொண்ட துக்கம் தாங்க முடியாததாகிவிட்டது.

வாதத்தைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ஜேம்ஸ். 1884-இல் ஒரு கட்டுரை எழுதினார். காட்டில் கரடியைப் பார்க்கிறோம், பயப்படுகிறோம், அதனால் ஓடுகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஜேம்ஸ் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். கரடியைப் பார்த்ததும் உடல் தானாகவே மாறுகிறது. நெஞ்சு துடிக்கிறது, கால் ஓடத் தொடங்குகிறது. அந்த மாற்றங்களை நாம் உணர்வதற்குப் பெயர்தான் பயம் என்றார். மறு ஆண்டே டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கே தனியாக ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். அவர் ரத்தக் குழாய்களின் மாற்றத்துக்கு முதலிடம் கொடுத்தார். இருவர் பெயரையும் சேர்த்து ஜேம்ஸ்-லாங்கே கோட்பாடு என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஜேம்ஸின் வாதத்தில் வலுவான இடம் ஒன்று உண்டு. ஒரு கடுமையான பயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நெஞ்சின் துடிப்பை எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்குவதை, உதறும் காலை, வயிற்றைப் பிசைவதை, மயிர்க்கூச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது? இது ஆபத்து என்ற வெறும் எண்ணம் இருக்கும். அதைப் பயம் என்று சொல்ல நமக்கே மனம் வராது. இருசக்கர வண்டியில் போகும்போது குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்து, பிரேக்கை அழுத்தி, மயிரிழையில் தப்பியவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அந்த நொடியில் கை தன் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. வண்டியை ஓரம் கட்டி, கால் வெடவெடக்க நிற்கும்போதுதான் பயம் வந்து சேருகிறது.

ஆனால் கரடி கூண்டில் இருந்தால்? காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிப் போய் ரசித்துப் பார்க்கிறோம். கண்ணில் விழுவது அதே கரடிதான். உடல் ஏன் ஓடத் தொடங்கவில்லை? ஜேம்ஸ் வாழ்ந்த காலத்திலேயே இந்த எதிர்ப்பு வந்தது. உடலைக் கிளப்புவது கரடி மட்டும் அல்ல, மொத்தச் சூழ்நிலையும்தான் என்று 1894-இல் அவர் பதில் எழுதினார். பதில் நியாயமானது. ஆனால் சூழ்நிலை ஆபத்தானதா இல்லையா என்று எடை போடுவது யார், எப்போது? அந்தக் கேள்வியை அவர் திறந்தபடியே விட்டுப் போனார். பின்னால் வந்த ஒரு பெரும் கோட்பாடு அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது.

அதற்கு முன்பே ஜேம்ஸுக்கு எதிராகப் பெரிய தாக்குதலைத் தொடுத்தவர், அதே ஹார்வர்டில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன். ஆபத்து வந்தால் உயிரினம் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலைத் தயார் செய்கிறது என்பதை ஆய்வகத்தில் ஆராய்ந்து எழுதியவர் இவர். அட்ரினலின் பற்றி அன்றைக்கு இவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் குறைவு. 1927-இல் அவர் எழுதிய மறுப்பில் மூன்று செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, பூனை. பரிவு நரம்புத் தொடர் என்பது மூளையின் கட்டளையை இதயத்துக்கும் குடலுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கொண்டுபோகும் நரம்புகளின் தொகுதி. கேனனும் அவருடன் இருந்தவர்களும் சில பூனைகளில் அதை முழுதாக அகற்றினார்கள். குரைக்கும் நாய் எதிரே வந்தபோது அந்தப் பூனைகள் சீறின, பல்லைக் காட்டின, காதை மடக்கின, அடிக்கக் காலைத் தூக்கின. மயிர் மட்டும் சிலிர்க்கவில்லை. உள்ளுறுப்புகள் கிளர்ச்சி அடைய வழியே இல்லாதபோதும் ஆத்திரம் வெளிப்பட்டது. பூனை ஆத்திரத்தைக் காட்டியது சரி, உள்ளே உணர்ந்ததா என்று ஜேம்ஸின் பக்கத்தினர் கேட்கலாம். பூனையிடம் அதற்குப் பதில் வாங்க முடியாது.

இரண்டாவது செய்தி இன்னும் வலுவானது. பயத்தில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, வியர்க்கிறது. கோபத்திலும் பெரும்பாலும் அதுவே. காய்ச்சலிலும் மூச்சுத் திணறலிலும் கூட இவற்றில் பல நடக்கின்றன. எல்லாவற்றிலும் உடல் ஒரே மாதிரி கிளம்புகிறது என்றால், இது பயம், இது கோபம் என்று நாம் எதை வைத்துப் பிரித்து அறிகிறோம்? உணர்ச்சிக்கு உணர்ச்சி தனித்தனி உடல் அடையாளம் தேடும் வேலை அன்றிலிருந்து நடக்கிறது. சில சராசரி வேறுபாடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஒருவருடைய நாடித்துடிப்பையும் வியர்வையையும் மட்டும் கொடுத்து, இவர் பயந்திருக்கிறாரா கோபமாக இருக்கிறாரா என்று உறுதியாகச் சொல்லச் சொன்னால் இன்றும் முடியாது.

மூன்றாவதாகக் கேனன் எடுத்துக் காட்டியது மரன்யோனின் ஊசியை. உடல் மாற்றம்தான் உணர்ச்சி என்றால் 210 பேரும் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லையே! கேனனும் அவருடைய மாணவர் பிலிப் பார்டும் சொன்ன மாற்று விளக்கம் இதுதான்: மூளையின் நடுப்பகுதி ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. ஒன்று உடலுக்குப் போய் அதைக் கிளப்புகிறது, மற்றொன்று மூளையின் மேற்பகுதிக்குப் போய் உணர்ச்சியாகிறது. இரண்டும் இணையாக நடக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் அல்ல.

இங்கே சுமார் 35 ஆண்டுகளைத் தாண்டிப் போகலாம். 1962-இல் ஸ்டான்லி ஷாக்டர், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதே அட்ரினலின் ஊசியைக் கையில் எடுத்தார்கள். உளவியல் பாடப்புத்தகங்களில் இவர்களது சோதனை இல்லாத புத்தகம் அரிது. ஆனால் அதில் உண்மையில் என்ன நடந்தது என்பது பாடப்புத்தகங்கள் சொல்வதைவிடச் சிக்கலானது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அவர்களுடைய கருத்து ஜேம்ஸையும் கேனனையும் ஒரே கயிற்றில் கட்டியது. உடல் கிளர்ச்சி வேண்டும், ஆனால் அதற்கென்று தனி நிறம் கிடையாது. நெஞ்சு ஏன் அடிக்கிறது என்று மனம் சுற்றுமுற்றும் காரணம் தேடுகிறது; கிடைத்த காரணத்தைப் பொறுத்து அதே படபடப்பு பயமாகவோ கோபமாகவோ மகிழ்ச்சியாகவோ ஆகிறது. காரணம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் தேட வேண்டியதில்லை, உணர்ச்சியும் வராது. மரன்யோனிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏன் பயப்படவில்லை? நெஞ்சு அடிப்பது ஊசியால்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதைச் சோதிக்க ஒரு பொய் தேவைப்பட்டது. சப்ராக்சின் என்ற புதிய வைட்டமின் மருந்து பார்வையை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்கிறோம் என்று சொல்லி, சுமார் 180 ஆண் கல்லூரி மாணவர்களை வரவழைத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் போட்டது அட்ரினலின். மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். அட்ரினலின் பெற்றவர்களில் ஒரு குழுவிடம் உண்மையைச் சொன்னார்கள்: கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், முகம் சூடாகும், கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். இன்னொரு குழுவிடம் பக்க விளைவு எதுவும் இல்லை என்றார்கள். மூன்றாவது குழுவிடம் கால் மரத்துப்போகும், உடம்பு அரிக்கும், லேசாகத் தலை வலிக்கும் என்று தவறான தகவலைக் கொடுத்தார்கள்.

பிறகு மாணவரை ஓர் அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே அவரைப் போலவே ஊசி போட்டுக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டு இன்னொருவர் இருப்பார். அவர் ஆராய்ச்சியாளர்கள் முன்கூட்டியே பேசிவைத்த ஆள். ஒரு அறையில் அவர் காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் பந்தாக எறிந்தார், காகித விமானம் விட்டார், அங்கே கிடந்த வளையத்தை இடுப்பில் மாட்டிச் சுற்றினார். இன்னொரு அறையில் இருவருக்கும் ஒரு நீண்ட படிவம் தரப்பட்டது. கேள்விகள் போகப்போக அவமானப்படுத்தின. உன் தாய்க்கு உன் தந்தை அல்லாமல் எத்தனை ஆண்களோடு உறவு இருந்தது என்று ஒரு கேள்வி. தேர்ந்தெடுக்கத் தரப்பட்ட விடைகளில் மிகக் குறைவானதே நான்கும் அதற்குக் கீழும் என்றுதான் இருந்தது, ஒருவரும் இல்லை என்று சொல்ல இடமே இல்லை. பேசிவைத்த ஆள் முணுமுணுத்து, சத்தம் போட்டு, கடைசியில் படிவத்தைக் கிழித்து எறிந்துவிட்டுப் போனார். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மாணவரின் நடத்தையைக் கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். அதன்பின் மாணவர் தன் மனநிலைக்குத் தானே மதிப்பெண் போட்டார்.

காரணம் தெரியாமல் படபடத்தவர்கள் விளையாட்டு அறையில் மகிழ்ந்தார்கள், படிவ அறையில் கோபப்பட்டார்கள், காரணம் தெரிந்தவர்கள் அசையவில்லை என்பதுதான் பாடப்புத்தகங்களில் நாம் படிப்பது. அட்டவணையைத் திறந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. மகிழ்ச்சி மதிப்பெண்ணில் இருந்து எரிச்சல் மதிப்பெண்ணைக் கழித்து ஓர் எண் கணக்கிட்டார்கள். விளையாட்டு அறையில், உண்மை தெரிந்தவர்களின் சராசரி 0.98, ஒன்றும் தெரியாதவர்களுடையது 1.78. இதுவரை கோட்பாடு சொன்னபடிதான். ஆனால் வெறும் உப்புநீர் பெற்றவர்களின் சராசரி 1.61. அட்ரினலினே ஏறாத இவர்களுக்கும் ஏறியவர்களுக்கும் இடையே கணக்கில் எடுக்கத்தக்க வேறுபாடு இல்லை. உடல் கிளர்ச்சி இல்லாமலே மகிழ்ச்சி வந்திருக்கிறது என்றால் கோட்பாட்டின் பாதி நிற்கவில்லை.

படிவ அறையின் எண்கள் இன்னும் சங்கடமானவை. ஒன்றும் தெரியாதவர்கள் 1.39, உப்புநீர் பெற்றவர்கள் 1.63, உண்மை தெரிந்தவர்கள் 1.91. எல்லாமே பூஜ்யத்துக்கு மேல். அதாவது, கோப அறையில் இருந்த மாணவர்கள் சராசரியாகத் தாங்கள் ஓரளவு மகிழ்ச்சியாகவே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்! நடத்தையில் கோபம் தெரிந்தது என்றும், பாட மதிப்பெண் போய்விடுமோ என்று மாணவர்கள் கோபத்தை எழுத்தில் காட்டத் தயங்கினார்கள் என்றும் ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் முடிவு வந்த பிறகு கண்டுபிடிக்கும் விளக்கத்தை, அதைத் தனியாகச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ள முடியாது.

அப்படிச் சோதித்தவர்கள் வந்தார்கள். 1979-இல் கேரி மார்ஷலும் ஃபிலிப் சிம்பார்டோவும் விளையாட்டு அறைச் சோதனையை மீண்டும் நடத்தினார்கள். அட்ரினலின் பெற்றவர்கள் கூடுதலாக மகிழவில்லை. அளவைக் கூட்டியபோது மனநிலை கசப்பின் பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டு கிறிஸ்டினா மாஸ்லாக் ஊசிக்குப் பதிலாக அறிதுயிலைப் பயன்படுத்தி, காரணம் தெரியாத படபடப்பை உண்டாக்கினார். பக்கத்தில் இருப்பவர் குதூகலித்தாலும் சரி, கோபப்பட்டாலும் சரி, இவர்களுக்கு வந்தது கலக்கம்தான். காரணம் புரியாத நெஞ்சுத் துடிப்பு வெள்ளைத்தாள் அல்ல. அது தொடக்கத்திலேயே ஆபத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதற்காக 1962-இன் சோதனையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் தப்பிப் பிழைத்த பகுதி ஒன்று உண்டு: ஒரு காரணத்தால் வந்த படபடப்பை இன்னொரு காரணத்தின் கணக்கில் எழுதும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கும் உணர்ச்சி பெருக்குகிறது. வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் கெட்டிக் காபி குடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர், காபியின் படபடப்பையும் சேர்த்துத் தன் பயத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறார். மரன்யோனின் ஊசியால் பிள்ளையின் நோயை நினைத்து உடைந்தவர்களுக்கு நடந்ததும் இதைப் போன்றதுதான். படபடப்பு துக்கத்தை உண்டாக்கவில்லை. இருந்த துக்கத்தைத் தாங்க முடியாததாக்கியது.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். ஜேம்ஸ் திறந்துவிட்டுப் போன வாசல் வழியாக உள்ளே வந்தவர் மக்டா ஆர்னால்டு. 1960-இல் வெளிவந்த அவருடைய நூல், உணர்ச்சிக்கு முதல் படி மதிப்பீடு என்றது. இது எனக்கு நல்லதா கெட்டதா என்ற கணிப்பு நொடியில் நடக்கிறது. உடல் அதன் பின்னால் வருகிறது. இதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் லாசரஸ். 1964-இல் வெளிவந்த சோதனையில், கல் கத்தியால் உடலைக் கீறும் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சடங்கின் படத்தை அவரது குழு பலருக்குப் போட்டுக் காட்டியது. படம் ஒன்றுதான், பின்னணிக் குரல் மட்டும் வேறு வேறு. ஒரு குரல் வலியையும் ஆபத்தையும் எடுத்துச் சொன்னது. இன்னொன்று இது வலி தராத மகிழ்ச்சியான சடங்கு என்றது. மூன்றாவது, மானுடவியலாளரின் குரலில் விலகி நின்று விவரித்தது. பார்த்தவர்களின் தோலில் வியர்வை ஏறுவதை மின்கருவியால் அளந்தார்கள். வலியைச் சொன்ன குரலைக் கேட்டவர்களின் உடல் அதிகமாகக் கிளம்பியது. மற்ற இரண்டு குரல்களையும் கேட்டவர்களின் உடல் அடங்கியே இருந்தது. கண் பார்த்தது ஒன்றுதான் என்பதால், உடலின் அளவை மாற்றியது கணிப்புதான்.

இதை எதிர்த்தவர் ராபர்ட் சயன்ஸ். ஒழுங்கற்ற வடிவங்களை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். பிறகு பார்த்த வடிவத்தையும் பார்க்காததையும் சேர்த்துக் காட்டினால், எதைப் பார்த்தோம் என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் எது பிடித்திருக்கிறது என்று கேட்டால், பத்துக்கு ஆறு முறை முன்பு பார்த்த வடிவத்தையே காட்டினார்கள். அறிவு வராத இடத்தில் விருப்பம் வந்துவிட்டது. ஆகவே உணர்ச்சிக்குக் கணிப்பு தேவையில்லை என்றார் சயன்ஸ். கணிப்பு நனவோடுதான் நடக்க வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன் என்று லாசரஸ் திருப்பிக் கேட்டார். 1980-களின் தொடக்கத்தில் இருவரும் மாறிமாறி எழுதிக்கொண்டது உளவியலில் புகழ்பெற்ற சண்டை. லாசரஸின் பதிலில் ஒரு குறை இருக்கிறது. நனவுக்குத் தெரியாத, கண்ணிமைக்கும் நேரத்தில் மூளை செய்யும் எல்லாவற்றையும் கணிப்பு என்று அழைத்தால், அவருடைய கோட்பாட்டைப் பொய்யென்று நிறுவ யாராலும் முடியாது. தோற்கவே முடியாத கோட்பாடு அறிவியலில் பலம் அல்ல.

ஆகவே வார்த்தைச் சண்டையை விட்டுவிட்டு, எனக்கு மிகவும் பிடித்த இரண்டு சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டிலும் கருவி ஒன்றுதான்: கரியமில வாயு. அதைக் கலந்த காற்றைச் சுவாசித்தால் மூச்சுத் திணறும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். அடிக்கடி பீதித் தாக்கம் வருகிறவர்களுக்கு அது முழுத் தாக்கத்தையே கிளப்பிவிடக்கூடியது.

1989-இல் சாண்டர்சன், ரபீ, பார்லோ என்ற மூவர் அப்படிப்பட்ட 20 நோயாளிகளுக்கு 5.5 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். எதிரே ஒரு விளக்கு. அது எரிந்தால் கையிலுள்ள திருகைத் திருகி வாயுவின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். உண்மையில் அந்தத் திருகு எதனோடும் இணைக்கப்படவில்லை. பத்துப் பேருக்கு விளக்கு எரிந்தது, பத்துப் பேருக்கு எரியவில்லை. உள்ளே போன வாயு இரு குழுவுக்கும் ஒன்றே. விளக்கு எரியாத பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பீதித் தாக்கம் வந்தது. எரிந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் வந்தது. வேண்டுமானால் நிறுத்தலாம் என்ற எண்ணம் மட்டுமே எட்டை இரண்டாக்கியது. கணிப்பின் கட்சிக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது சோதனை இதற்கு நேர் எதிரே நிற்கிறது. மூளையின் இரு பக்கமும் வாதுமை வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதிதான் ஆபத்தை எடை போடுவதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆராய்ச்சி உலகில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபுநோய் ஒன்றால் அந்தப் பகுதி இரு பக்கமும் அழிந்துபோயிருந்தது. பாம்பையும் சிலந்தியையும் காட்டினார்கள், பேய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள், திகில் படம் போட்டார்கள். அவர் பயப்படவே இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழு அவரையும், அதே பாதிப்புள்ள இன்னும் இருவரையும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு முறை உள்ளிழுக்கச் சொன்னது. முடிவு 2013-இல் வெளியானது. மூவருக்கும் பீதி வந்தது. எஸ்.எம். உதவி கேட்டு முகமூடியைக் காட்டிக் கையை வீசினார். மூளை நலமாக உள்ள 12 பேரில் மூன்று பேருக்குத்தான் அப்படி வந்தது.

வெளியிலிருந்து வரும் எந்த ஆபத்துக்கும் பயப்படாத ஒருவரை, உடலுக்குள்ளிருந்து எழுந்த ஒரு செய்தி உலுக்கிவிட்டது. ஜேம்ஸ் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் இதே சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மறுமுறை வாயு தரப்போகிறார்கள் என்று தெரிந்தும், முன்கூட்டிய பதற்றத்தின் உடல் அடையாளங்கள் இவர்களிடம் தோன்றவில்லை. வரப்போவதை எண்ணி அஞ்சும் பயம் அவர்களிடம் இல்லை. உடலே தூக்கி எறிந்த பயம் மட்டும் இருந்தது. அப்படியென்றால் பயம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள், வேறு வேறு வழிகளில் வந்து சேரும் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. எது முந்தியது என்ற கேள்விக்கு நூற்றாண்டாக ஒரே பதில் கிடைக்காததற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரோத்தின் குழு, ஒளியால் எலியின் இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்தது. இங்கே ஊசியின் பழைய குறையும் இல்லை; மருந்து உடல் முழுதும் பரவவில்லை, இதயம் மட்டுமே வேகமெடுத்தது. பாதுகாப்பான இடத்தில் எலிகள் வழக்கம்போல நடந்துகொண்டன. திறந்த வெளி, லேசான மின்னதிர்ச்சிக்கு வாய்ப்புள்ள இடம் போன்ற ஆபத்து வாடை வீசும் சூழலில் மட்டும் கூடுதலாக அஞ்சி ஒதுங்கின. உள்ளுறுப்புகளின் செய்தியை வாங்கும் மூளைப் பகுதியை அடக்கியபோது அந்தக் கூடுதல் அச்சம் குறைந்தது. துடிப்பு மட்டும் போதவில்லை, சூழலும் வேண்டியிருந்தது. ஆனால் சூழல் இருந்தபோது துடிப்பு பயத்தைக் கூட்டியது. 1924-இல் மரன்யோன் கண்டதும் இதுதான்.

இந்த வாதத்தால் மனிதர்களுக்கு நேரடியாகப் பயன் கிடைத்த இடம் பீதித் தாக்கத்துக்கான சிகிச்சை. 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க் அதை ஒரு வட்டமாக விளக்கினார். படி ஏறியதாலோ காபியாலோ தூக்கமின்மையாலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அதை மாரடைப்பின் தொடக்கம் என்று ஒருவர் கணிக்கிறார். அந்தக் கணிப்பு உடலை மேலும் கிளப்புகிறது, மூச்சு வேகமாகிறது. வேக மூச்சால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதடும் மதமதக்கின்றன. அந்தப் புதிய அறிகுறிகள் முதல் கணிப்புக்குச் சாட்சியாகிவிடுகின்றன. சில நிமிடங்களில், இதோ சாகப்போகிறேன் என்ற நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். இந்த வட்டத்துக்குள் போய் நின்று, உடலா கணிப்பா எது முதல் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் எந்த இடத்தில் வட்டத்தை வெட்டலாம் என்பதற்குப் பதில் இருக்கிறது.

சிகிச்சையில் அதைத்தான் செய்கிறார்கள். நெஞ்சு அடித்தால் மாரடைப்பு என்று எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பிறகு சிகிச்சையாளர் முன்னிலையில் ஓரிரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொல்கிறார்கள், அல்லது நாற்காலியில் சுற்றச் சொல்கிறார்கள், படி ஏறி இறங்கச் சொல்கிறார்கள். பயந்த அதே அறிகுறிகள் வருகின்றன, ஆனால் மாரடைப்பு வருவதில்லை. பலமுறை செய்யச் செய்ய நம்பிக்கையின் சதவீதம் இறங்குகிறது. இது வீணாகும் இடமும் உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு பயிற்சி செய்தால், அவற்றால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்கு எழுதிவிடும். பழைய கணிப்பு அப்படியே இருக்கும். சிகிச்சையாளர்கள் இந்த ஊன்றுகோல்களைக் கவனித்து ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். 1994-இல் கிளார்க் குழு வெளியிட்ட சோதனையில், மூன்று மாதத்தில் அதிகபட்சம் 12 அமர்வுகளில் இதைச் செய்தார்கள். பெரும்பாலான நோயாளிகளின் பீதித் தாக்கம் நின்றது.

வாசகர்களில் யாருக்காவது இப்படி வந்து போகிறது என்றால், முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. இதயத்தின் தாளக் கோளாறு, தைராய்டு மிகைச்சுரப்பு, ரத்தசோகை ஆகியவற்றிலும் இதே படபடப்பு வரும். அவற்றை ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மேலே சொன்ன வேக மூச்சுப் பயிற்சியைத் தாங்களாக முயலக் கூடாது. உடலில் குறை இல்லை என்று உறுதியான பிறகும் தாக்கம் தொடர்ந்தால், மீண்டும் மீண்டும் ஈசிஜி எடுத்துக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற உளவியலாளரிடமோ போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், இந்திய அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.